மெயில் வந்ததா என்று பார்த்தீர்கள், அதில் என்ன எழுதியிருந்தது?

கேள்வி: ஆன்லைனில் ஹெட்போன் விற்கிறேன். புதுத் தளத்தைத் திறப்பதற்கு முன், பணம் கட்டும் பகுதி வேலை செய்கிறதா, உறுதிச் செய்தி போகிறதா என்று சோதிக்க டெவலப்பரிடம் சொன்னேன். அவர் உண்மையான பணம் நகராத சோதனை முறையான சாண்ட்பாக்ஸில் பார்த்துவிட்டு, "லைவிலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்று ஒரு மாடலின் விலையை 240-இலிருந்து 1 ஆக்கினார். மெயில் வந்தது. நானும் ஓகே சொன்னேன். விலையைத் திரும்ப மாற்ற அவர் மறந்துவிட்டார். ஒரே இரவில் 43 பேர் வாங்கிவிட்டார்கள், அதில் ஒருவர் மட்டும் 30 எடுத்திருக்கிறார். எல்லோருக்கும் "பணம் பெறப்பட்டது. உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது. மூன்று நாளில் அனுப்புவோம்" என்று மெயில் போயிருக்கிறது. காலையில் பார்த்துப் பதறிப்போய் விலையை மாற்றினேன். தெரிந்தவர்கள் என்பதால் மூன்று பேருக்கு மட்டும் அனுப்பி வைத்தேன், மற்றதையெல்லாம் ரத்து செய்தேன். பணத்தை இன்னும் திருப்பவில்லை. திருட்டுக் கடை என்று திட்டுகிறார்கள், வழக்குப் போடுவோம் என்கிறார்கள். பல வருடமாக நம்பிய டெவலப்பர் போனை எடுப்பதில்லை. இரவெல்லாம் தூக்கம் இல்லை. அவர் மீது வழக்குப் போடலாமா? வாங்கியவர்களுக்குப் பொருளைக் கொடுத்தே ஆகவேண்டுமா?

பதில்: டெவலப்பர் நம்பிக்கையைக் கெடுத்தாரா, வாங்கியவர்கள் திட்டுவது நியாயமா என்பதெல்லாம் இந்த வழக்கைத் தீர்மானிக்காது. உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம்தான் முக்கியம்: தவறு தெரிந்த பிறகு மூன்று பேருக்குப் பொருளை அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அந்த மெயில்.

தளத்தில் ஒரு விலை தெரிவது பொதுவாக ஒரு அழைப்பு மட்டும்தான். வாங்குபவர் ஆர்டர் போடுவது அவர் முன்வைக்கும் கோரிக்கை. அதை நீங்கள் ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. "பணம் பெறப்பட்டது, உறுதி செய்யப்பட்டது, மூன்று நாளில் அனுப்புவோம்" என்ற வாசகத்தை விடத் தெளிவான ஏற்பை ஒரு வழக்கறிஞரே உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. மென்பொருள் தானாக அனுப்பியது என்ற வாதம் நிற்காது. அப்படி அனுப்பும்படி அதை அமைத்தது உங்கள் தரப்பு.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. எதிராளி தவறைத் தெரிந்துகொண்டே அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகள் பலவற்றில் உள்ள விதி. உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் வழக்கு. 2003 ஜனவரியில், ஊழியர் ஒருவர் பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த விலை, தவறுதலாக உண்மையான தளத்தில் ஏறிவிட்டது. 3,854 சிங்கப்பூர் டாலர் லேசர் பிரிண்டர் 66 டாலருக்குத் தெரிந்தது. நிறுவனம் கண்டுபிடிப்பதற்குள் 784 பேர் 4,086 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள், தானியங்கி உறுதி மெயிலும் போய்விட்டது. வழக்குக்கு வந்த ஆறு பேர் மட்டும் 1,606 பிரிண்டர்கள் கேட்டார்கள். அவர்கள் தோற்றார்கள். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விலை தவறு என்று அவர்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் வாங்கிய எண்ணிக்கையும், அந்த இரவில் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளும், சரியான விலையை இணையத்தில் தேடிப் பார்த்ததும் காட்டிக்கொடுத்தன. நிறுவனத்தின் நடத்தையும் கவனிக்க வேண்டியது: தவறு தெரிந்த அன்றே தளத்திலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்கு எழுதியது.

இதை உங்கள் 43 பேர் மீது வைத்துப் பாருங்கள். 30 ஹெட்போன் எடுத்தவர் நீதிமன்றத்தில் தடுமாறுவார். தனக்கென்று ஒன்றே ஒன்று வாங்கியவர் அப்படியில்லை. "திறப்பு விழாச் சலுகை என்று நினைத்தேன்" என்று அவர் சொன்னால், அதைப் பொய் என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. திறப்பு நாளில் விலையை 1 என்று வைத்துப் பொருள் கொடுக்கும் கடைகள் உண்மையிலேயே இருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் இந்த விதியில் எவ்வளவு தூரம் உங்களுக்குத் துணை வரும் என்பதை அங்கே தொழில் செய்யும் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் நுகர்வோர் பக்கம் இதைவிட அதிகம் சாயும்.

இப்போது அந்த மூன்று பார்சல். என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான், பெரும்பாலும் நல்ல மனதோடுதான் விழுகிறார்கள். தவறு தெரிவதற்கு முன் அனுப்பியிருந்தால் அது தவறின் ஒரு பகுதி, யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்த பிறகு அனுப்பினால், அந்த விலையை நீங்களே ஏற்று நடத்தியதாக எதிர்த்தரப்பு வாதிடும். "1 என்பது பிழை என்கிறார், ஆனால் அதே விலைக்கு மறுநாள் மூவருக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" இந்தக் கேள்விக்கு "அவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்" என்பது சட்டத்தில் பதிலாகாது. மூவரிடமும் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள்: விலை தவறு, பொருள் தவறுதலாக வந்தது, மீதியைக் கட்டலாம் அல்லது எங்கள் செலவில் திருப்பி அனுப்பலாம் என்று. தெரிந்தவர்கள் என்றால் ஒத்துழைப்பார்கள். இதை இன்றே செய்யுங்கள்.

இரண்டாவது குழி, திருப்பாத பணம். ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிக்கொண்டே அந்த ஒப்பந்தத்தின் பணத்தைக் கையில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் உங்கள் வாதம் நைந்துபோகிறது. வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிட்டால், பணம் போவதோடு தனியாக ஒரு கட்டணமும் உங்கள் தலையில் விழும். முறையீடுகள் கூடினால், கார்டுப் பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் நிறுவனம் உங்கள் கணக்கையே நிறுத்தக்கூடும்.

மூன்றாவது, பதற்றத்தில் அழிப்பது. அந்தப் பொருளின் பக்கம், 43 ஆர்டர்கள், விலை மாறிய நேரம், டெவலப்பரோடு பேசிய செய்திகள், எதையும் தொடாதீர்கள். விலை எப்போது 1 ஆனது, எப்போது நீங்கள் பார்த்தீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்ற மூன்று நேரங்கள்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

சரி, என்ன செய்வது? ஒன்றிரண்டு வாங்கிய 39 பேரோடு சமாதானமாகப் போங்கள். முழுப் பணத்தையும் திருப்பி, தவறை ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, அதே மாடலுக்குக் கணிசமான தள்ளுபடி கொடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒரு ஹெட்போனுக்கு உங்களுக்கு 48 குறையும், அதுவும் வாங்குபவர்களிடம் மட்டும். அதைவிட மலிவாக ஒரு வழக்கையும் நடத்த முடியாது. தள்ளுபடியை ஏற்பவரிடம் பழைய ஆர்டர் குறித்து இனி எந்த உரிமையும் கோரவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 30 எடுத்தவருக்குப் பணத்தை மட்டும் திருப்புங்கள், கடிதத்தில் மரியாதையாக இருங்கள். திருடன், மோசடி போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். அது வெளியே போனால் அதை வைத்தே உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடக்கூடும்.

இனிமேல் சோதிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கல் அங்கேதான் விளைந்தது. சாண்ட்பாக்ஸ் என்பது பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பக்கம் மட்டும் இருக்கும் பாதுகாப்பு. அப்படி ஒரு நிறுவனமான ஸ்ட்ரைப்பில், கடையை அதோடு இணைக்க `sk_test_` என்று தொடங்கும் சாவியைப் போட்டால் பணம் நகராது. ஆனால் பொருளின் விலை உங்கள் கடையின் தரவுதளத்தில் இருந்தால் சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஒரு எண்ணை மாற்றினால் உலகத்துக்கே மாறும். சாண்ட்பாக்ஸில் எப்படியும் பணம் போகாது என்பதால் விலையை 1 ஆக்க அங்கே எந்தத் தேவையும் இல்லை. 240-ஐ அப்படியே வைத்து `4242 4242 4242 4242` என்ற சோதனைக் கார்டு எண்ணால் வாங்கிப் பாருங்கள். வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகை மெயிலில் சரியாக வருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். விலையை 1 ஆக்கும் ஆசை எப்போதும் லைவில் சொந்தக் கார்டை வைத்துப் பார்ப்பதிலிருந்து வருகிறது. லைவில் உண்மையான கார்டால் சோதிப்பதை ஸ்ட்ரைப் தன் ஒப்பந்தத்திலேயே தடை செய்திருக்கிறது.

அப்புறம் `4000 0000 0000 0002` என்ற எண்ணால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கார்டு மறுக்கப்படும். அப்போதும் "உறுதி செய்யப்பட்டது" என்று உங்கள் கடையிலிருந்து மெயில் போனால், அது பணம் வந்ததைப் பார்க்காமல் ஆர்டர் பட்டனை அழுத்தியதைப் பார்த்து அனுப்புகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு கடையைத் திறக்கவே கூடாது. இன்னொன்று: ஸ்ட்ரைப் தானாக அனுப்பும் ரசீது சோதனை முறையில் போகாது. உங்கள் கடையின் மெயிலை மட்டும் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ரசீதை ஸ்ட்ரைப் டாஷ்போர்டிலிருந்து கையால் அனுப்பிப் படியுங்கள்.

படிப்பது என்றால் வாசகத்தைப் படிப்பது. முதல் மெயில் இவ்வளவு சொன்னால் போதும்: "உங்கள் ஆர்டர் எங்களுக்கு வந்தது. இது ஏற்பு அல்ல. பொருளை அனுப்பும்போது தனி மெயிலில் ஏற்பைத் தெரிவிப்போம்." தலைப்பு வரியிலும் "உறுதி" என்ற சொல் இருக்கக் கூடாது. உடலில் ஒன்றும் தலைப்பில் வேறொன்றும் இருந்தால், சந்தேகத்தின் பலன் பெரும்பாலும் நுகர்வோருக்குத்தான் போகும். ஏற்கவில்லை என்று எழுதிவிட்டுப் பணத்தை முழுதாக எடுத்துக்கொள்வதும் முரண்தான். அதனால் வாங்குபவரின் கார்டில் தொகையை நிறுத்தி மட்டும் வைத்து, அனுப்பும்போது எடுக்கும்படி ஸ்ட்ரைப்பில் அமைக்கச் சொல்லுங்கள்:

```
capture_method=manual
```

ஆன்லைன் கார்டுகளில் இந்த நிறுத்தம் பொதுவாக ஏழு நாளில் காலாவதியாகிவிடும், அதற்குள் அனுப்பிவிட வேண்டும். இப்படி இருந்திருந்தால் அந்த இரவில் 43 ஆர்டர் வந்திருக்கும், ஒரு ஒப்பந்தமும் பிறந்திருக்காது.

டெவலப்பர் மீது வழக்கு வேண்டாம். அவர் விலையை மாற்ற மறந்தது உண்மை. ஆனால் லைவில் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் செய்தார், மெயில் வந்ததும் நீங்கள் ஓகே போட்டீர்கள். அவருடைய வழக்கறிஞர் முதலில் காட்டும் ஆவணம் அந்த ஓகே. கூடவே, எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருந்தால், பொறுப்பு வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்ற வரி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், தள்ளுபடியில் உங்களுக்கு ஆகும் செலவின் பாதியை அதில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். போனை எடுக்காதவர் பெரும்பாலும் அதற்குப் பதில் எழுதுவார்.