கிளையன்ட் ரகசியமா, ரிப்போர்ட்டா? ஆடிட்டருக்கு கையில இருக்கறது 2 நாள்

"சார், நான் கும்பகோணத்துல சிஏ. மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில் பிரைவேட் லிமிடெட்டுக்கு நான்தான் ஆடிட்டர். மேனேஜர் பொய்யா நெல் பில் போட்டு 1.30 கோடி எடுத்திருக்கார் போல. எம்டி, 'கிளையன்ட் விஷயம் வெளிய போகக்கூடாது'ங்கறார். ரிசைன் பண்ணிடவா, இல்ல போலீசுக்கு போகவா?"

தம்பி, ரெண்டுமே இப்ப வேணாம். ரிசைன் பண்ணினாலும் பொறுப்பு போகாது, ஆடிட்டர்களைக் கண்காணிக்கற மத்திய அமைப்பான என்எஃப்ஆர்ஏ 2023லயே அதை சர்க்குலரா போட்டு சொல்லிடுச்சு.

எம்டி சொல்றது பாதி உண்மை. கிளையன்ட் சம்மதம் இல்லாம வெளிய சொன்னா சிஏ சட்டப்படி அது தொழில் ஒழுங்கீனம், ஆனா அதே வரியிலயே சட்டம் கேட்டா சொல்லலாம்னும் இருக்கு. கம்பெனி சட்டம் 143(12) இங்க மோசடியை ரிப்போர்ட் பண்ணச் சொல்லி கேக்குது, நல்லெண்ணத்தோட ரிப்போர்ட் பண்ணவங்களுக்கு 143(13) பாதுகாப்பும் குடுக்குது. அந்த சட்டம் காட்டுற வழி போலீஸ் ஸ்டேஷன் இல்ல, அதனால நீங்களா போய் அங்க பேப்பரை நீட்டினா எம்டி உங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ண இடம் இருக்கு. சம்மன் வந்தா கதை வேற, வக்கீலுக்கு இருக்கற மாதிரி ஆடிட்டருக்கு வாய் மூடிக்கற உரிமை கிடையாது.

முதல்ல சந்தேகத்துக்கு ஆதாரம் சேருங்க. நம்ம ஊர்ல விவசாயிக்கு ரொக்கமா குடுக்கறது சகஜம், மில்லே வவுச்சர் எழுதும், அதனால வவுச்சர் மட்டும் பாத்தா எதுவும் தெரியாது. மூணு மா வச்சிருக்கறவர் பேர்ல 300 மூட்டை இருக்கா பாருங்க, மூணு மாங்கறது ஒரு ஏக்கர், நல்லா விளைஞ்சாலே 40 மூட்டை தாண்டறது கஷ்டம். குறுவை நடவு நடக்கற ஆடி மாசத்துல புது நெல் வாங்கினதா பில் இருக்கா, லாரி எடைச்சீட்டு இருக்கா, அரைச்சு வந்த அரிசி வாங்கின நெல்லுக்கு ஒத்துப்போகுதா, எல்லாத்தையும் ஒர்க்கிங் பேப்பர்ல தேதியோட எழுதி வைங்க.

தொகை 1 கோடியோ அதுக்கு மேலயோ இருந்தா மத்திய அரசுக்கு ரிப்போர்ட் பண்ணணும். தனித்தனி பில் 1 லட்சம் 2 லட்சம்தானேன்னு எம்டி வாதாடலாம், ஆனா ஒரே ஆள் ஒரே முறையில செஞ்சதை ஒரே மோசடியா எடுக்கறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். தெரிய வந்த 2 நாளுக்குள்ள போர்டுக்கு எழுத்துல குடுத்து பதில் கேளுங்க, அவங்களுக்கு 45 நாள் டைம். பதில் வந்ததும் 15 நாளுக்குள்ள உங்க ரிப்போர்ட், அவங்க பதில், அதுக்கு உங்க கருத்து மூணையும் ADT-4 படிவத்துல கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு அனுப்புங்க. 45 நாளும் பதிலே வரலைன்னா அதையே குறிப்பா எழுதி அனுப்புங்க. 1 கோடிக்கு கீழன்னா போர்டோட உங்க வேலை முடிஞ்சுது, அதை டைரக்டர்கள் ரிப்போர்ட்ல அவங்க போடணும்.

செய்யாம விட்டா லிஸ்ட் ஆகாத கம்பெனியோட ஆடிட்டருக்கு 1 லட்சம் அபராதம், தொழில் ஒழுங்கு நடவடிக்கை தனி. இன்னொண்ணு, லெட்டரை எம்டி கையில மட்டும் குடுக்காதீங்க, ஒவ்வொரு டைரக்டருக்கும் தனித்தனியா அனுப்பி ஒப்புதல் சீட்டை பத்திரமா வைங்க, ஏன்னா மேனேஜருக்கு பின்னாடி யாரு இருக்காங்கன்னு நமக்கு இன்னும் தெரியாது.