கொந்தராத்துக்காரரிடம் அட்வான்ஸ் கேட்பது

"கொழும்பில் மேசன் வேலை, நாளுக்கு 3,500. அம்மாவின் ஒப்பரேஷனுக்கு 60,000 வேணும். கொந்தராத்துக்காரரிடம் எப்படிக் கேட்பது?"

தம்பி, முதலில் உங்கள் நாட்கணக்கை எழுதிப் பாருங்கள். வேலை செய்தும் காசு வராத நாட்கள் ஆறு என்றால் 21,000. அது அட்வான்ஸ் இல்லை, உங்கள் கூலி. அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், ரெண்டையும் சேர்த்துக் கேட்டால் அப்புறம் எல்லாமே கடனாகிவிடும், எனக்கு அப்படித்தான் நடந்தது.

மிச்சம் 39,000. நாளுக்கு 750 கழித்தால் 52 வேலை நாள், மாதம் 26 நாள் வேலை என்றால் ரெண்டு மாதத்தில் தீரும். இந்தக் கணக்கோடு போங்கள். அவருக்கும் வீட்டுக்காரர் கட்டம் கட்டமாகத்தான் காசு கொடுப்பார், அதனால் சிலாப் கொங்கிரீட் போட்டுக் காசு வந்த கையோடு, மற்றப் பொடியன்கள் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். ஒப்பரேஷன் திகதி போட்ட கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள்.

சம்மதித்தால் ரெண்டு துண்டில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொன்று வைத்திருங்கள். மழைக்கு வேலை நின்ற நாளில் கழிவு இல்லை என்பதையும் அதில் எழுதுங்கள், அதில்தான் பிறகு சண்டை வரும்.