ப்ளீஸுக்குப் பின்னால் வரும் டு

அன்புள்ள ஐயா,
அலுவலக மின்னஞ்சலில் ‘கேன் யூ ப்ளீஸ் டு சென்ட் த ஃபைல்?’ என்று எழுதினேன். டு வரக்கூடாது என்று உடன் வேலை பார்ப்பவர் சொன்னார். ஆனால் ‘ஐ வான்ட் டு சென்ட்’ சரியாம். எப்படி?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பிழை நம் தமிழிலிருந்தே வருகிறது. ‘அனுப்ப முடியுமா’, ‘அனுப்ப வேண்டும்’ இரண்டிலும் நமக்கு ‘அனுப்ப’ ஒன்றுதான். அந்த ‘அனுப்ப’வுக்கு ‘டு சென்ட்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டோம். அதனால் ‘முடியுமா’ என்று நினைத்தவுடன் கை தானாக டு போட்டுவிடுகிறது. ஆங்கிலமோ முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

கேன், குட், வில், உட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இந்த ஒன்பதுக்கும் பின்னால் வரும் வினை வெறுமையாக நிற்கும். டு கிடையாது, எஸ், இங் என்ற ஒட்டும் கிடையாது. வான்ட் இந்தக் கூட்டத்தில் இல்லை. கேள்வி கேட்டுப் பார்த்தால் தெரியும்: கேன் தானே வாக்கியத்தின் முன்னால் வந்துவிடும், ‘கேன் யூ’. வான்ட் வராது, டூ துணைக்கு வேண்டும்: ‘டூ யூ வான்ட் டு சென்ட்?’

உங்கள் வாக்கியத்தில் கண்ணை மறைத்தது ப்ளீஸ். அதை எடுத்துவிட்டுப் படியுங்கள்: ‘கேன் யூ டு சென்ட்’. இப்போது காதே உறுத்தும். ப்ளீஸ் மரியாதைக்கு இடையில் வந்த சொல், இலக்கணத்தை அது மாற்றாது. டு-வை நீக்கிவிட்டு ப்ளீஸைத் திரும்ப வையுங்கள்: ‘கேன் யூ ப்ளீஸ் சென்ட் த ஃபைல்?’

இதைக் கற்றபின் பலர் டு எங்கே கண்டாலும் வெட்டுகிறார்கள். அதுவும் தவறு. ‘உட் யூ லைக் டு சென்ட் இட் டுடே?’ சரியான வாக்கியம். உட் கேட்ட வெறும் வினை லைக். அதோடு அதன் வேலை முடிந்தது. அப்புறம் வரும் டு லைக்குக்குச் சொந்தம். ‘ஆர் யூ ஏபிள் டு சென்ட்’ என்பதிலும் டு ஏபிளோடு வருவது, அதைத் தொடக்கூடாது. ஒன்பதில் ஒன்றுக்கு அடுத்து வரும் முதல் வினையை மட்டும் பார்த்தால் போதும்.

டூ, டஸ், டிட் போட்டுக் கேட்கும் கேள்வியிலும் வினை வெறுமையாகவே நிற்கும். ‘டிட் யூ வென்ட்’ அல்ல, ‘டிட் யூ கோ’. இறந்த காலத்தை டிட் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

சரி, இனி உங்கள் பழைய மின்னஞ்சல்களில் `"please to"` என்று மேற்கோள் குறியோடு தேடிப் பாருங்கள். உங்கள் வாக்கியம் போல எத்தனை இருக்கின்றன என்று தெரியும். `pleased to` வந்தால் விட்டுவிடுங்கள். அது ‘மகிழ்ச்சி’ என்ற பொருளில் வருவது, அங்கே டு இருக்கத்தான் வேண்டும்.