அழகு நிலையத்துக்கு ஒரு பக்கத் திட்டம்

கேள்வி: புதிதாக அழகு நிலையம் தொடங்கப் போகிறேன். வீட்டிலோ வங்கியிலோ பணம் கேட்கும் முன் ஒரு பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

எவ்வளவு பணம் தேவை, அது எதற்கு, எப்படித் திரும்பி வரும் என்பதை ஒரே தாளில் சொல்வதுதான் தொழில் திட்டம். கல்யாணச் சமையல்காரர் மளிகைப் பட்டியல் போடும் முன் "எத்தனை இலை?" என்று கேட்பார். உங்கள் தாளிலும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர வேண்டும் என்பதே முதல் கணக்கு.

ஒரு சிற்றூர்க் கடையை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 10,000 ரூபாய், உதவியாளர் சம்பளம் 12,000, மின்சாரம் 3,000, கடன் தவணை 5,000, உங்கள் சம்பளம் 10,000. மொத்தம் 40,000. ஒருவர் சராசரியாக 250 ரூபாய் தந்து, அதில் கிரீம், மெழுகுக்கு 50 போனால் மிச்சம் 200. ஆக மாதம் 200 பேர். 25 நாள் திறந்தால் தினமும் 8 பேர். இது நடக்குமா என்று அறிய, அதே தெருவில் உள்ள கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து எண்ணுங்கள்; முகூர்த்த நாள் கூட்டத்தை மட்டும் நம்பினால் கணக்கு பொய்த்துவிடும். பெரும்பாலோர் விட்டுவிடுவது தங்கள் சம்பளத்தைத்தான். பிறகு கல்லாப் பணம் வீட்டுச் செலவுக்குப் போய், தவணை தவறுகிறது.

லாபத்தைக் கூட்டிக் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடன் தருபவர் தேடுவது, தவணை எந்த வரவிலிருந்து கட்டப்படும் என்பதைத்தான்.