பட்ஜெட் போன் அன்பாக்சிங்: பெட்டியில கிடக்கிறதும் கையில இருக்கிறதும்

கேள்வி: "சின்ன ரிவியூ பேஜ் ஒண்டு வச்சிருக்கன். புது பட்ஜெட் போன் ஒண்டு அன்பாக்ஸ் பண்ணப் போறன், கேப்ஷன் கலகலப்பாவும் இருக்கணும், பொய்யும் இருக்கக் கூடாது. எப்பிடி எழுதுற?"

நானும் மட்டக்களப்பில இருந்து ரெண்டு வருஷமா இந்த வேலதான் செய்யுறன், அதால எனக்கு நடந்த ஒண்டச் சொல்லியே தொடங்குறன். போன வருஷம் ஒரு போனுக்கு "35,000க்குள்ள 8GB ரேம், தூள்" எண்டு முதல் வரி போட்டன், பெட்டியில பெரிய எழுத்தில அப்பிடித்தான் கிடந்திச்சு. அதப் பார்த்திட்டு ஆரையம்பதியில ஆட்டோ ஓடுற அண்ணன் ஒராள் அதே போன வாங்கிட்டார். ரெண்டு கிழமையால மெசேஜ் வருது: "தம்பி, மேப்பப் போட்டுட்டு ஓடக்குள்ள ஒரு கோல் வந்தா, பேசி முடிச்சுத் திரும்பி வாறதுக்குள்ள மேப் முதல்ல இருந்து லோட் ஆகுது, 8GB எண்டீங்களே?" எனக்கு அண்டைக்கு இரவு நித்திரையே வரல்ல. பெட்டிய எடுத்துத் திருப்பிப் பார்த்தா கீழ பொடி எழுத்தில 4GB + 4GB எண்டு கிடக்கு, நான் அத வாசிக்கவே இல்ல.

அதுல முதல் நாலுதான் உண்மையான ரேம். மற்ற நாலும் ஸ்டோரேஜில இருந்து கொஞ்ச இடத்த எடுத்து ரேம் மாதிரிப் பாவிக்கிறது. ஸ்டோரேஜ் ரேமை விட எத்தனையோ மடங்கு மெதுவான சாமான், அதுலயும் இந்த விலைக்கு வாற போனுகள்ல கன இடத்தில eMMC எண்டுற பழைய வகைதான் போட்டிருப்பாங்க, அதால 8 எண்டு எழுதினாலும் வேலை செய்யக்குள்ள 4 மாதிரித்தான் இருக்கும். இதப் பிடிக்கிறது லேசு. செட்டிங்ஸ்ல About phone எண்ட இடத்துக்குப் போனா கன போனுகள்ல ரேமுக்கு நேர ரெண்டா பிரிச்சுக் காட்டும். மறுகா வாட்ஸ்அப், மேப், யூடியூப், பேஸ்புக், கேமரா எண்டு அஞ்சையும் வரிசையாத் திறந்திட்டு முதல் திறந்த வாட்ஸ்அப்புக்குத் திரும்பிப் போங்க. விட்ட இடத்திலயே நிண்டா நல்லம், வெள்ளை ஸ்க்ரீன் வந்து முதல்ல இருந்து தொடங்கினா அதத்தான் கேப்ஷன்ல எழுதணும். "8GB" எண்டு எழுதுறத விட "அஞ்சு ஆப் திறந்திட்டு திரும்பி வந்தன், வாட்ஸ்அப் என்னை மறந்திட்டு" எண்டு எழுதினா சனத்துக்கு விளங்கும், வாசிக்கவும் ஆசையா இருக்கும். கலகலப்பு எண்டுறது அதுக்குள்ளதான் இருக்கு, பத்து நெருப்பு இமோஜி போடுறதில இல்ல.

அதே மாதிரி சார்ஜர். என்ட கையில இப்ப இருக்கிற போன் பெட்டியில 18W எண்டு கிடக்கு. கூட வந்த சார்ஜரத் திருப்பிப் பார்த்தன், பொடி எழுத்தில OUTPUT: 5V 2A. அஞ்ச ரெண்டால பெருக்கினா 10W. போன் 18W வாங்கும், ஆனா அவங்க தந்த சார்ஜர் 10தான் குடுக்கும், மிச்சத்துக்கு நாமதான் காசு போட்டு வேற சார்ஜர் வாங்கணும். 5000mAh பேட்டரிக்குள்ள ஏறத்தாழ 19 வாட் மணித்தியாலம் கரண்ட் அடங்கும், 10W சார்ஜரில போற வழியில சூடாப் போறதும் கிடக்கு, கடைசி இருபது வீதத்தில போனே வேகத்தக் குறைச்சுப் போடும், அதால ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய முடியவே முடியாது. நான் மணிக்கூட வச்சுப் பார்த்தன், 12 வீதத்தில இருந்து 100க்கு 2 மணி 45 நிமிஷம். இந்த ஒரு வரிதான் காலையில வேலைக்குப் போறவருக்கு வேணும்.

எங்கட ஊருக்கெண்டு நான் எப்பவும் செய்யுற ஒண்டு இருக்கு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு போனக் கொண்டு கல்லடிப் பாலத்துக்குப் போறது. வாவிப் பக்கம் அடிக்கிற வெயில்ல எத்தனை பட்ஜெட் ஸ்க்ரீன் கறுத்துப் போய் நம்மட முகத்தத்தான் திருப்பிக் காட்டுது தெரியுமா? அங்க நிண்டு ஒரு மெசேஜ வாசிச்சுப் பாருங்க, ஒரு வாய்ஸ் நோட்டும் போட்டு வீட்ட அனுப்பி, காத்துக்குள்ள உங்கட குரல் விளங்குதா எண்டு கேளுங்க. கடைக்காரர் உள்ளுக்க லைட்டுக்குக் கீழ வச்சுக் காட்டுறது வேற, இது வேற.

முதல் நாள் எழுதக் கூடாத ஒண்டும் இருக்கு, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும் எண்டது. புதுப் போன் ஒன் பண்ணின முதல் ரெண்டு மூணு நாள் அப்டேட் இறக்கும், பழைய போட்டோ எல்லாம் திருப்பி இறக்கும், பின்னால வேலை நடந்துகொண்டே இருக்கும், அதால அண்டைக்குப் பார்க்கிற கணக்கு பிழையாத்தான் வரும். "பேட்டரி பத்தாம் நாள் சொல்றன்" எண்டு எழுதிப்போட்டு பத்தாம் நாள் கட்டாயம் சொல்லுங்க, சனம் அதுக்காகவே திரும்பி வரும்.

மற்றது காசு. சொந்தக் காசில வாங்கினதா, கடை தந்து திருப்பிக் குடுக்க வேண்டியதா, எதுவா இருந்தாலும் முதல் ரெண்டு வரிக்குள்ள எழுதுங்க, ஏனெண்டா கன பேர் "மேலும் பார்" அமத்தமாட்டாங்க. விலையும் அதே இடத்தில வரணும். கம்பெனி வாரண்டியா கடை வாரண்டியா எண்டதும் ஒரு சொல்லில சொல்லுங்க, நம்மட பக்கம் ரெண்டும் ஓடுது, விலை வித்தியாசமும் அதாலதான் வரும். IMEI பதிஞ்சிருக்கா எண்டும் பாருங்க: *#06# அடிச்சா 15 இலக்கம் வரும், மெசேஜில IMEI எண்டு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு அந்த இலக்கத்தப் போட்டு 1909க்கு அனுப்பினா தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில இருந்து பதில் வரும். வந்த இலக்கமும் பெட்டியில ஒட்டியிருக்கிற இலக்கமும் ஒண்டா எண்டும் பாருங்க.

நான் போன கிழமை போட்ட கேப்ஷன அப்பிடியே தாறன், அளவுக்கு எடுங்க:

"34,900 ரூபா, என்ட காசு, கம்பெனி வாரண்டி. பெட்டியில 8GB எண்டு கிடக்கு, உள்ளுக்க இருக்கிறது 4தான்!
கல்லடிப் பாலம், பகல் 12 மணி: வாட்ஸ்அப் வாசிக்கேலும், வீடியோ பார்க்கேலாது.
போன் 18W, தந்த சார்ஜர் 10W. 12ல இருந்து 100க்கு 2 மணி 45 நிமிஷம், படுக்கப் போகக்குள்ள குத்திவிடுங்க.
ஸ்பீக்கர் ஒண்டுதான், ஆனா கோல் சத்தம் அருமை, எங்கட அம்மம்மா ஸ்பீக்கர் போடாமலே பேசினா.
1909ல பார்த்தாச்சு, பதிஞ்ச போன்.
கோல், வாட்ஸ்அப், யூடியூப் போதும் எண்டவங்க எடுக்கலாம். கேம் விளையாடுற தம்பிமார், மேப் போட்டு ஓடுற ஆட்டோ அண்ணன்மார் 6GB உள்ளதப் பாருங்க. பேட்டரி பத்தாம் நாள் சொல்றன்."

கடைசி வரியில ஆருக்குச் சரிவராது எண்டு எழுதினதுக்குத்தான் கூடக் கொமெண்ட் வந்திச்சு, அந்த ஆரையம்பதி அண்ணனும் வந்து லைக் போட்டிருந்தார். ஆ, பெட்டிய போட்டோ எடுக்கக்குள்ள பக்கத்தில ஒட்டியிருக்கிற IMEIயையும் சீரியல் நம்பரையும் விரலால மறைச்சுப் பிடிங்க, அந்த இலக்கத்த எடுத்து வேற போனுக்குப் போடுற ஆக்களும் இருக்காங்க.