ஏழு வாரமாகச் சர்க்கரை தொடவில்லை, ரத்தத்தில் 91 எப்படி வந்தது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன் டாக்டர். அம்மாவுக்கு 54 வயது, மார்பகப் புற்றுநோய். இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. "சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி. அதனால்தான் பெட் ஸ்கேனே சர்க்கரை ஊசி போட்டு எடுக்கிறார்கள்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னதில் இருந்து சர்க்கரை, பழம், சோறு, இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஏழு வாரமாகக் கீரை சூப், வெள்ளரிக்காய், எப்போதாவது ஒரு முட்டை. 52 கிலோ இருந்தவர் இப்போது 46. சர்க்கரை நோய் கிடையாது, வெறும் வயிற்றில் 91தான். இப்படியே தொடரலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பத்தியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏன் என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த 91ஐக் கொஞ்சம் பாருங்கள்.

91 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 91 மில்லிகிராம் குளுக்கோஸ். அம்மாவின் எடைக்கு உடம்பில் சுமார் 3 லிட்டர் ரத்தம் இருக்கும். கணக்குப் போட்டால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 3 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் எரிக்கிறது. சிவப்பணுக்களின் நிலைமை இன்னும் கறார். அவற்றுக்குள் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அதனால் கொழுப்பை எரிக்க வழியில்லை, குளுக்கோஸை விட்டால் வேறு எரிபொருளே இல்லை. அப்படியானால் அந்த ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் நாள் முழுக்கத் தீரத் தீர நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். சோறும் இட்லியும் சாப்பிடாதவர் உடம்பில் யார் நிரப்புகிறார்கள்?

கல்லீரல்தான். முதலில் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜனை உடைத்துக் கொடுக்கும். அந்த இருப்பு ஏறக்குறைய ஒரு நாளுக்குத்தான் வரும். அதற்குப் பிறகு கல்லீரல் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்க ஆரம்பிக்கிறது. கொழுப்பில் இருந்து கொஞ்சம் மூலப்பொருள் கிடைக்கும். பெரும்பகுதி தசையில் இருக்கும் புரதத்தை உடைத்துத்தான் வருகிறது. பட்டினி நீண்டால் கொழுப்பில் இருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன் என்ற எரிபொருளுக்கு மூளை பாதி மாறிக்கொள்ளும், தேவை குறையும். ஆனாலும் பூஜ்யம் ஆகாது. அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் 91 அப்படி வந்தது. தொடையிலும் தோளிலும் இருந்த சதையைக் கரைத்து எடுத்த குளுக்கோஸ் அது. கட்டிக்கும் அதிலிருந்து பங்கு போகிறது. நாம் வாசல் கதவைச் சாத்தினோம், வீட்டுச் சாமானை விற்று அதற்குச் சாப்பாடு நடக்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பல புற்றுசெல்கள் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும்கூட எடுத்துக்கொள்ளும். ஒரு பொருளை நிறுத்திப் பட்டினி போடும் அளவுக்கு அவை அசடு இல்லை.

எதிர்வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்பவர் புற்றுத் திசுக்களை வைத்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பாதியில் லாக்டிக் அமிலமாக விட்டுவிடுவதைக் கண்டார். முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு, செல் ஆற்றலாகச் செலவழிக்கும் ஏடிபி சுமார் 30 கிடைக்கும், பாதியில் விட்டால் 2தான். அதனால் புற்றுசெல் குளுக்கோஸை அள்ளி அள்ளி எடுக்கிறது. அதன் கார்பனைப் புது செல் கட்டும் சரக்காகவும் பயன்படுத்துகிறது. இது கட்டியின் குணம். டீயில் இரண்டு ஸ்பூன் போட்டால் கட்டி வளரும் என்று அர்த்தம் இல்லை.

பெட் ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் அறைக்கு வருகிறவர்களில் பலர் போனில் அந்தப் படத்தை வைத்திருக்கிறார்கள், கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சர்க்கரைக் கிண்ணம். ஊசியில் போடுவது எஃப்டிஜி, அதாவது ஒரு மூலையில் கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய குளுக்கோஸ். செல் அதை நிஜக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கும், ஒரு பாஸ்பேட்டும் ஒட்டும், அதற்கு மேல் எரிக்க முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த இடம் ஒளிரும்.

அம்மாவின் படத்தை ஒருமுறை தலை முதல் கால் வரை பாருங்கள். தலைவரை எடுத்திருந்தால் மூளை பளிச்சென்று இருக்கும். இதயமும் ஒளிரலாம். சிறுநீர்ப்பையும் ஒளிரும், ஏனென்றால் நிஜக் குளுக்கோஸைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் சிறுநீரகம் எஃப்டிஜியை வெளியே விட்டுவிடும். நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை: காசநோய் உள்ள நெறிக்கட்டிகளும் இதே மாதிரி ஒளிரும். படத்தைப் பார்த்துப் புற்று பரவிவிட்டது என்று வீடே அழுது, ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தால் டிபி என்று வந்த நோயாளிகள் உண்டு. மாறாக, பல ப்ராஸ்டேட் புற்றுகள் எஃப்டிஜியில் சரியாக ஒளிர்வதே இல்லை. ஆக அந்தப் படம் காட்டுவது "இங்கே குளுக்கோஸ் அதிகம் போகிறது" என்பதை மட்டும்.

ஸ்கேனுக்கு முன்னால் பட்டினி இருக்கச் சொல்வதையும் சிலர் ஆதாரமாகச் சொல்வார்கள். சாப்பிட்டால் இன்சுலின் ஏறி எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளிவிடும், படம் கலங்கும். அதற்குத்தான் அந்தப் பட்டினி.

அதிகச் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, சுற்று வழியில். வருஷக்கணக்கில் உடல் பருமன் ஏறினால், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, மார்பகப் புற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. அது கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் குறைக்க நல்ல காரணம். 46 கிலோவுக்கு இறங்கிவிட்ட உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல.

அவருக்கு இப்போதைய ஆபத்து எடைதான். ஏழு வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. இப்படிச் சதை கரைந்தவர்களுக்குக் கீமோவின் பக்கவிளைவுகள் அதிகம், தேதியும் தள்ளிப்போகும். ஆனால் ஒரேயடியாகப் பெரிய சாப்பாடு போட்டுவிடாதீர்கள். பல வாரம் குறைவாகச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று மாவுச்சத்து ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று இறங்கலாம். முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டி அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். அப்புறம் அவர் சொல்லும் வேகத்தில் ஒரு இட்லி, அரைக் கரண்டி குழைந்த சோறு என்று சில நாளில் ஏற்றுங்கள். கூடவே புரதம் போக வேண்டும்: அவர் எடைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. காசிமேட்டில் இருந்து வரும் நெத்திலி, சங்கரா எதுவானாலும் 100 கிராமில் 18 கிராம் அளவுக்குக் கிடைக்கும். பருப்பு, தயிர் சேர்த்தால் கணக்கு வந்துவிடும். கீரை சூப்பில் அநேகமாக எதுவும் இல்லை.

டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் குடிப்பார் என்றால் போடுங்கள். கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அந்த இரண்டு மூன்று நாளில் சர்க்கரை அளவு ஏறலாம். சர்க்கரை நோயாளியாக இருந்தால் மருந்தின் அளவை மாற்றிச் சமாளிப்போம், சோற்றை நிறுத்த மாட்டோம்.

இன்னொன்று, கீமோ மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது கீமோவுக்குப் போகும்போது பழைய சீட்டில் 52 என்றே இருக்கும். அங்கேயே எடை பார்க்கச் சொல்லி, 46 என்று எழுதிய பிறகு ஊசிக்கு அனுப்புங்கள்.