கொத்திக்கொண்டே சாகும் கோழிகள்: அலகை வெட்டும் முன்பு

"உசிலம்பட்டி பக்கம் நான்கு மாத வயதுள்ள 200 நாட்டுக்கோழிப் பெட்டைகளை 20க்கு 10 அடி தகரக் கொட்டகையில் வளர்க்கிறேன். கம்பெனித் தீவனத்தோடு பாதிக்குப் பாதி நொய் கலந்து, நாலடி நீளத் தொட்டிகள் நான்கில் வைக்கிறேன். இரவு முழுக்க 100 வாட் பல்பு எரிகிறது. இரண்டு வாரமாக வாலிறகைப் பிடுங்குகின்றன; ஆறு கோழிகள் பின்புறம் கொத்தப்பட்டுச் செத்துவிட்டன. அலகை வெட்டிவிடலாமா?"

இந்த வயதில் வெட்ட வேண்டாம். அலகு நுனியைக் கருக்குவது குஞ்சு பிறந்து பத்து நாட்களுக்குள் செய்யப்படும் வேலை. நான்கு மாதத்தில் வெட்டினால் இரத்தம் போகும், வலியால் சில நாட்கள் தீவனம் எடுக்காது. வெட்டினாலும் கொத்தும் காயத்தின் ஆழம்தான் குறையும். கொத்த வைக்கும் காரணம் கொட்டகையிலேயே இருக்கும்.

முதலில் இது கொத்தல்தானா, இறகு உதிர்வா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இயல்பான உதிர்வில் தரையில் இறகுகள் கிடக்கும், உடலில் புது முளைகள் தெரியும். கொத்தலில் வாலடியில் ஒடிந்த தண்டுகள் நிற்கும். பிடுங்கிய இறகைக் கோழிகளே தின்றுவிடுவதால் தரை துடைத்ததுபோல் இருக்கும். இரவில் டார்ச் அடித்து மரச்சட்ட இடுக்குகளில் சிவப்பு உண்ணிகள் ஊர்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் அவற்றை ஒழிக்காமல் மற்ற எதுவும் முழுப் பயன் தராது.

இன்றே செய்ய வேண்டியது, காயம்பட்ட எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, புண்ணில் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவது. இரத்தச் சிவப்பு கண்ணில் படும்வரை மற்றவை விடாது. பிறகு மாலையில் அரை மணி நேரம் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள். இறகு சற்றும் கலையாமல், பிறவற்றின் பின்னாலேயே திரியும் சில கோழிகள் அநேகமாகத் தென்படும். இப்பழக்கத்தைத் தொடங்கி மற்றவற்றுக்கும் தொற்ற வைப்பவை அவையே. அவற்றையும் தனியே அடையுங்கள்.

காரணங்களில் நான் முதலில் சந்தேகிப்பது நெரிசலைக்கூட அல்ல, பல்பையும் நொய்யையும்தான். வளரும் பெட்டைக்கு இரவு வெளிச்சம் தேவையே இல்லை. அது நீண்டால் உடல் தேறுமுன் முட்டை வைக்கத் தொடங்கும். சிறிய உடலிலிருந்து முட்டை வெளிவரும்போது உட்சதை சிறிது வெளித்தள்ளி நிற்க, அந்தச் சிவந்த பளபளப்பே மற்றவற்றைக் கொத்த இழுக்கும். செத்த ஆறில் ஒன்றிரண்டு முதல் முட்டை வைத்தவையாக இருந்திருக்கலாம். பல்பை அணைத்துவிடுங்கள். வெயில் நேரே விழும் மேற்குப் பக்கத்தில் காற்றை அடைக்காதபடி சாக்குத் திரையும், தகரத்தின் மேல் தென்னங்கீற்றும் போட்டால் கூசும் ஒளியோடு வெக்கையும் தணியும்.

தீவனத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கம்பெனித் தீவனத்தில் புரதம் 16 சதவீதம், நொய்யில் சுமார் 8 சதவீதம் என்றால், சம அளவில் கலந்ததும் 12தான் நிற்கும். உப்பும் தாதுக்களும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் அதேபோல் நீர்த்துப்போகும். இறகு உருவாக மெத்தியோனின் மிகத் தேவை. அது குறையும்போது கோழி அடுத்ததன் இறகைத் தேடுகிறது. கடலைப் புண்ணாக்கைச் சேர்த்துச் சரிக்கட்ட நினைப்பவர்கள் பலர். ஆனால் அதில் மெத்தியோனின் குறைவு, பூஞ்சை நஞ்சு பற்றிய அச்சமும் உண்டு. நொய்யை மூன்று நான்கு நாட்களில் படிப்படியாக நிறுத்திவிட்டு, மாலையில் ஒரு கைப்பிடித் தானியத்தை மட்டும் தரைக்கூளத்தில் தூவுங்கள். சீய்த்துத் தேடும் வேலை கிடைத்தால் அலகு இறகின் பக்கம் போவது குறையும். தலைக்கு மேல் எட்டும் உயரத்தில் அகத்திக் கொத்தும் முருங்கைக் கொத்தும் கட்டித் தொங்கவிடுவதும் இதற்கே. கூளம் நனைந்து கட்டிதட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

நாலடித் தொட்டியின் இரு புறமும் சேர்த்தால் ஏறக்குறைய 240 சென்டிமீட்டர். கோழிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு தொட்டியில் 24 கோழிகள் உண்ணலாம், நான்கிலும் 96. மீதி ஏறக்குறைய நூறு கோழிகள் பசியோடு காத்து நிற்கின்றன, சண்டை அங்கேதான் பிறக்கிறது. இன்னும் ஐந்து தொட்டிகள் சேருங்கள்.

இடமும் இப்போது கோழிக்கு ஒரு சதுர அடிதான். புதுக் கொட்டகை உடனே வேண்டாம். ஒட்டியே 200 சதுர அடிக்கு வலை கட்டி, பாதி நிழலிட்டுப் பகலில் திறந்துவிட்டால் இரண்டு அடி கிடைத்துவிடும்.

இவற்றை மாற்றியபின் புதுக் காயம் வாரத்துக்குள் குறைய வேண்டும். பிரித்தவற்றைப் புண் ஆறிய பிறகு இரவில், ஒவ்வொன்றாக விடாமல் மூன்று நான்காக உள்ளே சேருங்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கும். ஒடிந்த தண்டு அடுத்த உதிர்வுவரை அப்படியே நிற்கும். முளைக்கும் இளம் இறகுக்குள் இரத்தம் ஓடுவதால், அது மீண்டும் கொத்தலைத் தூண்டும். ஆகவே வால் முழுதாக மூடும்வரை சாக்குத் திரையை எடுக்காதீர்கள்.